நாற்பது லட்சம் எங்கிருந்து வந்தது?

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. சென்னிமலைப் போர்வை, துண்டு, பவானி ஜமக்காளம் என மூன்று சரக்கு. மதுரை, திருச்சி, நாகர்கோவில், கோவை என நான்கு ஊர்களில் ஊருக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை போட்ட பில்களின் கூட்டுத்தொகை, வரி நீங்கலாக 40,00,000 ரூபாய். விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட மாதிரிக் கடைதான் இது. கணக்கு எளிதாக விளங்கட்டும் என்பதற்காகத் தொகைகள் முழு எண்களாக இருக்கின்றன. ஆனால் இதில் வருகிற சிக்கல்கள் எல்லாம் மார்ச் முடிந்ததும் எந்தக் கடையிலும் தலைகாட்டுபவை.

ஆடிட்டருக்கு நாற்பது லட்சம் என்ற ஒரு எண் போதும். கடைக்காரருக்குப் போதாது. அந்தப் பணம் யாரிடமிருந்து, எந்த மாதத்தில், எந்தச் சரக்குக்காக வந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். பில் போடும் மென்பொருளிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகளாகக் கிடக்கிறது. அதைக் கையால் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் பில்களை வாடிக்கையாளர் வாரியாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் மாத வாரியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். அதன் பிறகு சரக்கு வாரியாகப் பார்க்க நினைத்தால், அடுக்கிய அத்தனையையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஒரே பில்லில் போர்வையும் துண்டும் சேர்ந்திருந்தால் அந்தத் தாளை எந்த அடுக்கில் வைப்பது என்ற கேள்வியும் வரும்.

இப்படிக் கலைத்து அடுக்கும் வேலையைத்தான் பிவட் டேபிள் செய்கிறது. ஒவ்வொரு வரிசையையும் எடுத்து, அதன் வாடிக்கையாளர் யார், மாதம் எது என்று பார்த்து, இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் தொகையைச் சேர்க்கிறது. மாதம் இருந்த இடத்தில் சரக்கை இழுத்துப் போட்டால் ஒரு நொடியில் வேறு அடுக்கு வந்துவிடும். சூத்திரம் எழுதியும் இதைச் செய்யலாம். ஆனால் நான்கு வாடிக்கையாளர், பன்னிரண்டு மாதம், மூன்று சரக்கு என்றால் 144 கட்டங்கள் நிரப்ப வேண்டும்; ஐந்தாவது வாடிக்கையாளர் வந்தால் இன்னும் 36 கூடும். விரிதாளில் தலைப்புகளை மவுஸால் இழுத்து இடம் மாற்றலாம் என்ற யோசனைக்கு உருவம் தந்தவர் லோட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிட்டோ சலாஸ். அந்த யோசனையோடு இம்ப்ரூவ் என்ற மென்பொருள் 1991-ல் வெளிவந்தது. 1993-ல் எக்செல் 5 அதையே பிவட் டேபிள் என்ற பெயரில் தனக்குள் கொண்டுவந்தது.

பிவட் டேபிளைப் போடுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு அடியில் கிடக்கும் வரிசைகளைச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை. பலரும் இதைத் தலைகீழாக நினைத்து, பிவட் போட்டுவிட்டு அது தவறான விடை தருகிறது என்று சலித்துக்கொள்கிறார்கள்.

முதலில் வரிசையின் அமைப்பு. பில்லுக்கு ஒரு வரிசை என்று இருந்தால் சரக்கு வாரியாகப் பிரிக்கவே முடியாது. பில்லில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரிசை வேண்டும். அந்த ஒவ்வொன்றிலும் தேதி, பில் எண், வாடிக்கையாளர் பெயர் ஆகியவை திரும்ப வர வேண்டும். இப்படி:

```
Date        BillNo  Customer  Product   Qty  Rate  Amount
05-06-2024  214     TRICHY    Bedsheet   60   500   30000
05-06-2024  214     TRICHY    Towel     100   120   12000
07-06-2024  215     MADURAI   Towel     250   118   29500
```

பில் மென்பொருளிலிருந்து எக்செலுக்கு எடுக்கும்போது பெரும்பாலும் இந்த வடிவம் வருவதில்லை. பில் எண்ணும் பெயரும் முதல் வரிசையில் மட்டும் இருக்கும். கீழ் வரிசைகள் காலியாக இருக்கும். கண்ணுக்கு அது அழகாகத் தெரியும். ஆனால் பிவட் டேபிள் மேலே பார்த்துப் புரிந்துகொள்ளாது. காலியான வரிசைகளை எல்லாம் (blank) என்ற பெயரில் ஒரே வாடிக்கையாளராகச் சேர்த்துவிடும். அந்தப் பெயரில் சில லட்சம் தெரிந்தால், காலிக் கட்டங்களை மேலே உள்ள பெயரால் நிரப்பவில்லை என்று பொருள்.

இன்னொரு பொறி, பில்லின் மொத்தத் தொகைக்கென்று இருக்கும் பத்தி. மேலே உள்ள 214-ம் எண் பில்லின் மொத்தம் 42,000 ரூபாய். அந்தத் தொகையை மென்பொருள் இரண்டு வரிசையிலும் எழுதியிருந்தால், அதைக் கூட்டும் பிவட் 84,000 என்று காட்டும். சரக்கின் தொகையை மட்டும் தாங்கும் Amount பத்தியைத்தான் கூட்ட வேண்டும். அதுவும் ஜிஎஸ்டி சேராத தொகையாக இருப்பது நல்லது. வரி அரசுக்குப் போகிற பணம். அதைச் சேர்த்துக் கூட்டினால், விகிதம் வேறுபடுகிற சரக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் போகும்.

தேதியில் வருகிற கோளாறு இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது; கோப்பு சரியாகவே தோன்றும். கணினியில் அமெரிக்கத் தேதி முறை அமைந்திருந்தால் மாதம் முதலில் வரும், நாள் அடுத்து வரும். அந்தக் கணினியில் நம் ஊர் முறையில் எழுதிய சிஎஸ்வி கோப்பைத் திறந்தால், 05/04/2024 என்பதை எக்செல் மே 4 என்று படிக்கும். 18/04/2024-ஐ அதனால் படிக்கவே முடியாது. பதினெட்டாவது மாதம் கிடையாதே. ஆகவே அதை எழுத்தாகவே விட்டுவிடும். விளைவாக, மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் பில்கள் வேறு மாதங்களுக்குச் சிதறும். பதின்மூன்றாம் தேதி முதலான பில்கள் தேதியாகவே இருக்காது.

கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. தேதிப் பத்தியை அகலமாக்கிப் பாருங்கள். உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் கோளாறு. அடுத்தது, மிகப் பழைய தேதி எது என்று கேட்பது:

```
=MIN(A2:A2000)
```

நம் கடையின் ஆண்டு 2024 ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. டிசம்பர் 1-ம் தேதி பில் தலைகீழாகப் படிக்கப்பட்டிருந்தால் அது 2024 ஜனவரி 12 ஆகியிருக்கும். நிதியாண்டு பிறக்கும் முன்பே விற்றதுபோல ஒரு தேதி மேலே வந்து நிற்கும். அப்போது கட்டங்களைத் தனித்தனியே திருத்தப் போகக் கூடாது. எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று பின்னால் பிரிப்பது கடினம். விண்டோஸின் வட்டார அமைப்பை English (India) என்று மாற்றிவிட்டு, மூலக் கோப்பை மறுபடி திறப்பதே சுத்தமான வழி.

பெயர்களும் படுத்தும். லட்சுமி என்ற ஒரே பெயரை பில் போடுகிற இருவர் Lakshmi என்றும் Laxmi என்றும் அடித்தால், பிவட்டுக்கு அவை இரண்டு வாடிக்கையாளர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை எக்செல் பொருட்படுத்தாது. ஆனால் பெயரின் கடைசியில் விழுந்த ஒரு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி போதும், ஆளைப் பிரித்துவிடும். பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கும் வாடிக்கையாளரைப் பெயரைவிட அந்த எண்ணால் அடையாளம் காண்பது நம்பகமானது. அது இல்லாதபோது, முதல் பிவட்டில் வாடிக்கையாளர் பெயரை மட்டும் போட்டு, அகர வரிசையில் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பார்த்தால் இரட்டைப் பெயர்கள் அடுத்தடுத்து நின்று தாமே காட்டிக்கொடுக்கும்.

திரும்பி வந்த சரக்கு கடைசி. கிரெடிட் நோட்டுகள் பெரும்பாலும் தனிப் பதிவேட்டில் இருக்கும். விற்பனைப் பதிவேட்டை மட்டும் எடுத்தால் அவை விடுபட்டுப் போகும். அவற்றையும் அதே பத்திகளில், அளவையும் தொகையையும் கழித்தல் குறியோடு, விற்பனை வரிசைகளுக்குக் கீழே சேர்க்க வேண்டும். ஏன் திரும்பியது என்ற குறிப்புக்கு ஒரு பத்தி இருந்தால் அதையும் விடக் கூடாது. அந்தப் பத்தி எதற்கு உதவும் என்பது பிறகு தெரியும்.

இனி பிவட். வரிசைகளில் எங்காவது ஒரு கட்டத்தில் நின்று Ctrl+T அழுத்தினால் அந்தப் பகுதி முழுவதும் ஒரு டேபிளாக மாறும். நாளை கீழே புது பில் சேர்த்தால் அதுவும் தானே உள்ளடங்கும் என்பதற்காகத்தான் இந்தப் படி. பிறகு Insert, PivotTable, New Worksheet. வலப்பக்கம் பத்திகளின் பெயர்களும் நான்கு பெட்டிகளும் தெரியும். Customer-ஐ Rows பெட்டிக்கும், Date-ஐ Columns பெட்டிக்கும், Amount-ஐ Values பெட்டிக்கும் இழுக்க வேண்டும்.

தேதிகளை எக்செல் தானே மாதமாகச் சுருக்கலாம். சுருக்காவிட்டால், ஒரு தேதியின் மேல் வலது சொடுக்குப் போட்டு Group என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே Months மட்டுமல்லாமல் Years என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். மாதத்தை மட்டும் எடுத்தால் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நம் நிதியாண்டின் கடைசி மூன்று மாதங்கள் முன்னால் போய் நிற்கும். இரண்டு ஆண்டு பில்கள் இருந்தால் இரண்டு ஏப்ரலும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆண்டும் சேர்ந்தால் 2024-ன் கீழ் ஏப்ரல் முதல் டிசம்பர், 2025-ன் கீழ் ஜனவரி முதல் மார்ச் என்று ஒழுங்காக வரும். Group போடும்போது Cannot group that selection என்று மறுப்பு வந்தால், தேதிப் பத்தியில் எங்கோ எழுத்து கலந்திருக்கிறது.

Values பெட்டியில் Sum of Amount என்று இருக்க வேண்டிய இடத்தில் Count of Amount என்று வந்தாலும் அதே சங்கதிதான்: தொகைப் பத்தியில் எங்கோ எண்போலத் தோன்றும் எழுத்து. பலர் Count-ஐ Sum என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்குவது. எழுத்தாக இருக்கும் தொகையைப் பிவட் கூட்டாமல் விட்டுவிடும், எச்சரிக்கையும் செய்யாது. அதே பத்தியை SUM சூத்திரத்தால் கூட்டிச் சரிபார்த்தாலும் பயனில்லை. SUM-மும் அதே கட்டங்களைத் தாண்டிப் போவதால் இரண்டு விடையும் ஒன்றாகவே இருக்கும், இரண்டுமே தவறாக இருக்கும். எழுத்தாக எத்தனை கட்டம் இருக்கிறது என்பதை இது சொல்லும். விடை சுழியம் வர வேண்டும்:

```
=COUNTA(G2:G2000)-COUNT(G2:G2000)
```

அதற்கும் மேலான சோதனை, பிவட்டின் Grand Total-ஐ வெளியே உள்ள ஒரு எண்ணோடு ஒப்பிடுவது. விற்பனைப் பேரேட்டின் ஆண்டுத் தொகையோடு, அல்லது அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 படிவங்களில் உள்ள வரி நீங்கிய மதிப்போடு. ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போன பிறகே மேலே படிக்க வேண்டும். நம் கடையில் 40,00,000 சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வாடிக்கையாளர் வாரியாகப் பார்த்தால் மதுரை 14,40,000. திருச்சி 12,00,000. நாகர்கோவில் 8,60,000. கோவை 5,00,000. கடைக்காரர் எதிர்பார்த்த வரிசைதான்.

மாதங்களை விரித்தால் மதுரையின் முகம் மாறுகிறது. 14,40,000-ல் 9,10,000 ரூபாய்ச் சரக்கு செப்டம்பர், அக்டோபர் இரண்டே மாதத்தில் போயிருக்கிறது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. மீதிப் பத்து மாதமும் சேர்த்து 5,30,000. மதுரைதான் பெரிய வாடிக்கையாளர் என்பது உண்மை. ஆனால் அது தீபாவளிக்கான வாடிக்கையாளர். அந்த இரண்டு மாதத்தில் சரக்கு கையிருப்பில் இல்லையென்றால் ஆண்டு விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

திருச்சி இதற்கு நேர்மாறாக நிதானமாகத் தெரிகிறது. Group-இல் Quarters-ஐயும் சேர்த்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தொகையாகச் சுருங்கும். எக்செல் ஜனவரியிலிருந்து எண்ணுவதால் நம் நிதியாண்டின் முதல் காலாண்டு அங்கே Qtr2 என்று இருக்கும். அதில் குழம்ப வேண்டாம். ஏப்ரல்–ஜூன் 3,00,000, ஜூலை–செப்டம்பர் 3,00,000, அக்டோபர்–டிசம்பர் 3,60,000, ஜனவரி–மார்ச் 2,40,000. பண்டிகைக்குச் சற்று ஏறி, பிறகு சற்று இறங்கியிருக்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இப்போது Product-ஐ Rows பெட்டியில் Customer-க்குக் கீழே போட வேண்டும். திருச்சியின் ஒரே வரிசை சரக்கு வாரியாக விரிகிறது. ஜமக்காளம் அவர்கள் வாங்குவதில்லை. துண்டு காலாண்டு வாரியாக 90,000, 1,20,000, 2,60,000, 2,40,000. போர்வை 2,10,000, 1,80,000, 1,00,000. கடைசிக் கட்டம் காலி.

ஆண்டின் தொடக்கத்தில் திருச்சி வாங்கியதில் பத்தில் ஏழு பங்கு போர்வை. ஆண்டின் முடிவில் ஒரு போர்வைகூட இல்லை. துண்டு விற்பனை ஏறியதால் அந்தச் சரிவு வாடிக்கையாளர் மொத்தத்தில் தெரியவில்லை. சரக்கு வாரியாக மட்டும் பார்த்திருந்தாலும், மதுரையின் தீபாவளி வாங்கலில் அது மறைந்திருக்கும். மாதம், வாடிக்கையாளர், சரக்கு மூன்றும் ஒரே அட்டவணையில் சந்திக்கும்போதுதான் அந்தக் காலிக் கட்டம் கண்ணில் படுகிறது. பிவட் டேபிளில் பெரிய எண்களைத் தேடுவது எல்லாருக்கும் இயல்பு. காலிக் கட்டங்களைத் தேடிப் படிப்பது அதைவிடப் பயனுள்ள பழக்கம். PivotTable Options-இல் For empty cells show என்ற இடத்தில் 0 என்று எழுதிவிட்டால் அவை இன்னும் பளிச்சென்று தெரியும்.

விலையைப் பார்க்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. திருச்சிக்குத் துண்டு சராசரியாக என்ன விலைக்குப் போனது என்று அறிய, Rate பத்தியை Values பெட்டிக்கு இழுத்து Average என்று வைப்பார்கள். 1,000 துண்டு 110 ரூபாய்க்கும், 50 துண்டு 150 ரூபாய்க்கும் விற்றிருந்தால் அது 130 என்று காட்டும். இரண்டு வரிசையையும் சமமாக எடுத்துக்கொள்வதால் வருகிற பிழை இது. உண்மையில் 1,050 துண்டுக்கு 1,17,500 ரூபாய் வந்திருக்கிறது, அதாவது துண்டுக்கு 111 ரூபாய் 90 காசு. சரியான விடை வேண்டுமென்றால் PivotTable Analyze, Fields, Items, & Sets, Calculated Field என்று போய் இப்படி ஒரு புதுப் புலம் எழுத வேண்டும்:

```
= Amount / Qty
```

இது முதலில் தொகையையும் அளவையும் தனித்தனியே கூட்டிக்கொண்டு பிறகுதான் வகுக்கும்.

எத்தனை பில் என்ற கேள்வியிலும் இதே மாதிரி வழுக்கல் உண்டு. BillNo-வை Count என்று போட்டால் வரிசைகளைத்தான் எண்ணும். 214-ம் எண் பில் இரண்டாகக் கணக்காகும். பிவட் போடும்போதே Add this data to the Data Model என்ற கட்டத்தை டிக் செய்தால் Distinct Count என்ற வசதி கிடைக்கும், அது பில்களை எண்ணும். ஆனால் அப்படிப் போட்ட பிவட்டில் மேலே சொன்ன Calculated Field இயங்காது. அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பிவட் வைத்துக்கொள்வது எளிது.

பில்லைத் திருத்தினால் எக்செல் பிவட் தானாக மாறாமல் இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எடுத்துக்கொண்ட தகவலை அது தன்னிடம் ஒரு பிரதியாக வைத்திருக்கிறது. அப்படி மாறாவிட்டால், வலது சொடுக்கில் Refresh கொடுத்தால்தான் புது எண்ணைப் படிக்கும். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் Refresh கொடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸ் தானே புதுப்பித்துக்கொள்ளும். அந்தப் பிரதியால் இன்னொரு விளைவும் உண்டு. பில் இருந்த தாளை நீக்கிவிட்டு பிவட்டை மட்டும் ஒருவருக்கு அனுப்பினாலும், அவர் ஒரு கட்டத்தில் இரட்டைச் சொடுக்குப் போட்டால் அதற்குப் பின்னால் உள்ள வரிசைகள் பெயர், விலையோடு புதுத் தாளில் விரியலாம். மதுரைக்குக் கொடுத்த விலை திருச்சிக்குத் தெரிய வேண்டாமென்றால், பிவட்டை எண்களாக மட்டும் ஒட்டி அனுப்புங்கள், அல்லது பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள்.

கடைக்காரருக்கோ அதே இரட்டைச் சொடுக்குதான் மிகப் பெரிய உதவி. திருச்சி, போர்வை, அக்டோபர்–டிசம்பர் கட்டத்தில் இருக்கும் 1,00,000-ன் மேல் அவர் இரண்டு முறை சொடுக்குகிறார். புதுத் தாளில் சில வரிசைகள் வருகின்றன. பில்கள் மட்டும் கூட்டினால் 1,20,000. கடைசி பில் நவம்பர் 18. அதற்குக் கீழே நவம்பர் 29 தேதியிட்ட ஒரு கிரெடிட் நோட்: 40 போர்வை, கழித்தல் 20,000 ரூபாய். குறிப்புப் பத்தியில் "சாயம் போகிறது" என்று எழுதியிருக்கிறது. அதன் பிறகு திருச்சி ஒரு போர்வைகூடக் கேட்கவில்லை.